தீபாவளிப் பார்சலுக்குள் ஒரு நன்றி அட்டை: ரிவ்யூ கேட்கும் அந்த ஒரு வரி

கேள்வி: வீட்டிலிருந்தே தீபாவளிப் பலகாரமும் அகல்விளக்கும் ஆன்லைனில் விற்கிறேன். இந்த வருஷம் ஏறக்குறைய 150 பார்சல் போகும். ஒவ்வொன்றிலும் ஒரு நன்றி அட்டை வைத்து ரிவ்யூ எழுதச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கெஞ்சுவது மாதிரியும் இருக்கக்கூடாது, வற்புறுத்துவது மாதிரியும் இருக்கக்கூடாது. என்ன எழுதுவது, எப்படி எழுதுவது?

பதில்:

எழுத உட்காரும் முன்னால் உங்கள் ஆர்டர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெட்டியைத் திறக்கப்போவது யார்? மற்ற மாதங்களில் வாங்குகிறவரும் திறக்கிறவரும் ஒருவராகவே இருப்பார். தீபாவளிக்கு அப்படி இல்லை. ஜூரோங்கில் இருக்கும் மகள் பணம் கட்டுவாள், தெம்பனிஸில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பெட்டி போகும். ஓர் அலுவலகம் பத்துப் பெட்டி வாங்கும், அவை பத்து வீட்டுக்குப் போகும். நான் இதைக் கற்றுக்கொண்டது என் தவறால்தான், அதனால் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பலகாரம் விற்கத் தொடங்கிய மூன்றாவது வருஷம். ஒரு வாடிக்கையாளர், ஈசூனில் இருக்கும் தன் அத்தைக்கு ஒரு பெட்டி அனுப்பச் சொன்னார். அத்தை வீட்டில் மாமா அந்த ஆண்டின் தொடக்கத்தில் தவறிவிட்டார். அந்த வருஷம் அங்கே தீபாவளி கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. அப்படிப்பட்ட வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வழக்கம்தானே. அந்தப் பெட்டிக்குள் நான் வைத்திருந்த அட்டை இது: "குதூகலமான தீபாவளி! உங்கள் ஆர்டருக்கு நன்றி! மறக்காமல் 5 ஸ்டார் போடுங்கள்!" எல்லாப் பெட்டிக்கும் அதே அட்டை. இரண்டு நாள் கழித்து அந்த வாடிக்கையாளர் அழைத்தார். "அக்கா, அத்தை அந்த அட்டைய கையில வச்சுக்கிட்டு, இதுக்கு நான் என்னம்மா செய்யணும், காசு ஏதும் கட்டணுமான்னு கேட்டாங்க" என்றார். அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து நான் இரண்டு வகை அட்டை அச்சடிக்கிறேன். ஒன்று, தானே வாங்கித் தானே திறப்பவருக்கு. இன்னொன்று, அன்பளிப்பாகப் பெறுபவருக்கு. இரண்டாவது அட்டையில் ரிவ்யூ என்ற பேச்சே இல்லை. அவர் எழுத நினைத்தாலும் ஷாப்பி போன்ற தளங்களில் முடியாது, ஆர்டர் செய்த கணக்கிலிருந்துதான் ரேட்டிங் போட முடியும். முடியாத ஒன்றைக் கேட்டால், வயதானவர்களுக்கு ஏதோ கடமை பாக்கி இருப்பதுபோலத் தோன்றிவிடுகிறது.

எது அன்பளிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் கட்டியவர் பெயரும் பெட்டி போய்ச் சேரும் பெயரும் வேறாக இருந்தால் பெரும்பாலும் அன்பளிப்புதான். ஒரே ஆள் மூன்று முகவரிக்கு ஆர்டர் போட்டிருந்தாலும் அப்படியே. ஆனால் மகன் தன் கணக்கில் வாங்கி, அதே வீட்டில் இருக்கும் அம்மா பெயரைக் கொடுத்திருக்கலாம். அதனால் ஆர்டரை உறுதிசெய்யும்போதே "இது உங்கள் வீட்டுக்கா, அன்பளிப்பா?" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். "அன்பளிப்பு என்றால் யார் பெயரில் வாழ்த்து எழுத வேண்டும்?" என்று கூடவே கேட்டால் எல்லாரும் சந்தோஷமாகப் பதில் சொல்கிறார்கள். சந்தேகமாக இருக்கும் பெட்டிகளில் அன்பளிப்பு அட்டையையே வையுங்கள். ஒரு ரிவ்யூ குறைந்தால் போகட்டும்.

அன்பளிப்புப் பெட்டிக்கான என் அட்டை இவ்வளவுதான்:

"வணக்கம் ________ அவர்களே. இந்தப் பலகாரப் பெட்டியை உங்களுக்காக அனுப்பச் சொன்னவர் ________. முறுக்கும் அதிரசமும் நவம்பர் __ அன்று எங்கள் வீட்டு அடுப்பில் சுட்டவை. ஏதாவது உடைந்தோ நமத்தோ வந்திருந்தால் ________ எண்ணுக்குச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். அன்புடன், ________"

இதில் "தீபாவளி நல்வாழ்த்துகள்" என்று அச்சில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வரியை நான் கையால் எழுதுகிறேன், எழுதலாம் என்று தெரிந்தால் மட்டும். துக்கம் உள்ள வீட்டுக்குப் போகும் பெட்டி என்று அனுப்புகிறவர் சொல்லியிருந்தால் அந்த இடம் வெறுமையாகவே போகும், யாருக்கும் உறுத்தாது. இன்னொன்று, விலை போட்ட ரசீதை இந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அது வாங்கியவருக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ போகட்டும்.

சரி, இப்போது வாங்கியவரே திறக்கும் பெட்டிக்கு வருவோம். நீங்கள் கேட்டது இதைத்தான்.

எனக்கு ஒரு சோதனை உண்டு. அட்டையை எழுதி முடித்ததும், ரிவ்யூ கேட்கும் வரியை விரலால் மறைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். அது ஒரு முழுமையான நன்றிக் கடிதமாக நிற்கிறதா? நின்றால் அட்டை சரியாக வந்திருக்கிறது. மறைத்ததும் "உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்ற ஒற்றை வரிதான் மிஞ்சுகிறது என்றால், நன்றி அங்கே ஒரு சாக்குத்தான், ரிவ்யூதான் நோக்கம் என்பது படிக்கிறவருக்கும் தெரிந்துவிடும். நன்றி உண்மையாக ஒலிக்க வேண்டுமானால் அந்தப் பெட்டிக்கு மட்டுமே பொருந்துகிற ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். பெரிதாக எதுவும் வேண்டாம். என்றைக்குச் சுட்டது, எந்த எண்ணெயில் பொரித்தது, அகல்விளக்கில் முதல் தடவை எண்ணெய் ஊற்றும் முன் தண்ணீரில் ஊறவைத்தால் எண்ணெயை அதிகம் உறிஞ்சாது என்பது போன்ற ஒரு குறிப்பு. அது போதும்.

அடுத்தது அந்த வரியின் வினைச்சொல். வற்புறுத்தல் தமிழில் எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் வினைமுற்றிலும் அதற்கு முன்னால் வரும் அடையிலும்தான். ஒரே வேண்டுகோளை ஐந்து விதமாக எழுதிப் பார்க்கலாம்.

"மறக்காமல் ரிவ்யூ எழுதுங்கள்." மறந்தால் தவறு என்று ஆகிவிடுகிறது. "தவறாமல்", "கண்டிப்பாக" எல்லாம் இதே வகைதான்.

"ரிவ்யூ எழுதவும்." இது அறிவிப்புப் பலகையின் குரல். செருப்பைக் கழற்றிவிடவும், வரிசையில் நிற்கவும் என்பது போல.

"தயவுசெய்து எங்களுக்காக ஒரு ரிவ்யூ எழுதி உதவுங்கள்." கேட்க மென்மையாக இருக்கிறது, ஆனால் சுமை கூடிவிட்டது. தயவும் உதவியும் சேர்ந்துவிட்டால் எழுதாதவர் உதவி மறுத்தவராகிவிடுவார். "எங்கள் சிறிய குடும்பத் தொழில் உங்கள் கையில்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் படித்து நெகிழ்ந்து எழுதுகிற ரிவ்யூவில் முறுக்கைப் பற்றி ஒன்றும் இருக்காது, பரிதாபம்தான் இருக்கும். அடுத்து வாங்க வருகிறவருக்கு அதனால் பயன் இல்லை.

"ரிவ்யூ எழுதினால் எங்களுக்கு மகிழ்ச்சி." இது பரவாயில்லை. ஆனால் பேச்சு இன்னும் நம் மகிழ்ச்சியைப் பற்றித்தான்.

"நேரம் கிடைத்தால், பலகாரம் எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதலாம்." இந்த "லாம்" ஒரு நல்ல சாதனம். அது வழியைக் காட்டுகிறது, யாரையும் தள்ளுவதில்லை. எழுதாமல் விட்டால் எதுவும் குறைந்துபோவதில்லை என்பது அந்த விகுதியிலேயே இருக்கிறது. முன்னால் வரும் "நேரம் கிடைத்தால்" என்பதையும் விட்டுவிடாதீர்கள். எழுதாதவருக்குக் கௌரவமான ஒரு காரணத்தை நாமே கொடுத்துவிடுகிறோம்: நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நேரம் என்றதும் இன்னொன்று. 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று வருவதால் திங்கட்கிழமையும் பொது விடுமுறை. உங்கள் பெட்டி போய்ச் சேருவது அதற்கு முந்தைய வாரத்தில். அந்த வாரம் வீட்டைத் துடைக்க வேண்டும், தேக்காவுக்குப் போக வேண்டும், தையல்காரரிடம் ரவிக்கை வாங்க வேண்டும். பெட்டி அலமாரிக்குள் போய்விடும். பலகாரம் ஞாயிறு காலை எண்ணெய்க் குளியலுக்கும் சாமி கும்பிட்டதற்கும் பிறகுதான் தட்டுக்கு வரும். ஆகவே "பெட்டி கிடைத்தவுடன் ரேட்டிங் கொடுங்கள்" என்று கேட்டால், சாப்பிடாத பலகாரத்துக்கு ரேட்டிங் கேட்கிறோம். அப்படி வாங்குகிற ரிவ்யூக்களில் "சீக்கிரம் வந்தது, பேக்கிங் நன்று" என்பதற்கு மேல் இருக்காது. "தீபாவளி வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு" என்று அட்டையிலேயே போட்டுவிடுங்கள். ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் விற்கும் தளத்தில் ரேட்டிங் போடக் கால வரம்பு உண்டா, பெட்டியை எவ்வளவு முன்கூட்டி அனுப்பினால் அந்த வரம்பு தீபாவளிக்கு முன்பே முடிந்துவிடும் என்று. வரம்பு இடித்தால் நீங்கள் டெலிவரி தேதியைத்தான் பின்னால் தள்ள வேண்டும், வாடிக்கையாளரை அவசரப்படுத்தக் கூடாது. பலகாரத்துக்கும் அதுவே நல்லது.

இனி நான் ரொம்ப நாள் அறியாமல் செய்த ஒரு பிழை. நம் ஊர்க் கடைகளில் ஒரு பலகை பார்த்திருப்பீர்கள்: "நிறை இருந்தால் நண்பர்களிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்." சாப்பாட்டுக் கடைச் சுவரில் அது அழகான வாசகம். அதையே அட்டையில் போட்டேன். "பிடித்திருந்தால் கூகலில் ரிவ்யூ எழுதலாம், பிடிக்காவிட்டால் எங்களுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்." பணிவாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் இது நல்ல வார்த்தைகளை மட்டும் பொதுவெளிக்கு அனுப்பி, மற்றதை வீட்டுக்குள் இழுத்துவைக்கும் ஒரு சல்லடை. கூகல் தன் ரிவ்யூ விதிகளில் இதை வெளிப்படையாகத் தடை செய்கிறது: குறை எழுதுவதைத் தடுக்கக் கூடாது, திருப்தியானவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கவும் கூடாது. பொய் ரிவ்யூ விவகாரத்தில் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்திருக்கிறது. சல்லடை வைப்பதும் பொய் ரிவ்யூவும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரிவ்யூவைப் படித்து வாங்குகிறவருக்கு இரண்டுமே பாதிப் படத்தைத்தான் காட்டுகின்றன.

அப்படியானால் குறை சொல்ல எண் கொடுக்கக் கூடாதா? கட்டாயம் கொடுக்க வேண்டும். அகல்விளக்கு உடைந்து வந்தால் அவர் யாரிடம் போவார்? அந்த எண்ணையும் ரிவ்யூவையும் ஒரே வாக்கியத்தில் கோக்காமல் இருந்தால் போதும். உடைந்தது, நமத்தது பற்றிய வரி தனியாக, முதலில். ரிவ்யூ வரி தனியாக, பின்னால், "நல்லதோ குறையோ" என்ற சொற்களோடு. இரண்டுக்கும் நடுவில் "ஆனால்", "இல்லாவிட்டால்" எதுவும் வேண்டாம். தளம் வழியாக விற்கிறீர்கள் என்றால் சொந்த எண்ணுக்குப் பதில் அந்தத் தளத்தின் சாட்டைக் குறிப்பிடுங்கள். தங்கள் வாடிக்கையாளரை வெளியே அழைத்துப்போவதைத் தளங்கள் விரும்புவதில்லை.

அடுத்தது காசு. "ரிவ்யூ ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அடுத்த ஆர்டரில் 5 வெள்ளி தள்ளுபடி." இதைப் பல பார்சல்களில் பார்க்கிறேன். கூகலில் இது விதிமீறல். தள்ளுபடியோ இலவசப் பொருளோ கொடுத்து ரிவ்யூ எழுத வைக்கவோ, திருத்த வைக்கவோ, நீக்க வைக்கவோ கூடாது. தளமே எல்லா வாங்குபவருக்கும் பொதுவாகப் புள்ளிகள் கொடுத்தால் அது அவர்கள் ஏற்பாடு, நம் அட்டைக்கு அதில் வேலை இல்லை. விதியை விடுங்கள், ஐந்து வெள்ளி வாங்கியவர் முறுக்கு கடினமாக இருந்தது என்று எழுதுவாரா? அந்தச் சங்கடத்தை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

எதையாவது கூடுதலாகக் கொடுக்க ஆசை என்றால் அதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: கொசுறு. காய்கறி வாங்கியதும் கடைக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போடுவார், அதற்கு ஈடாக ஒன்றும் கேட்க மாட்டார். கேட்டால் அது கொசுறே இல்லை. நான் ஒரு சின்ன டப்பாவில் நான்கு அச்சு முறுக்கு வைக்கிறேன். அதை அட்டையில் குறிப்பிடுவதே இல்லை. குறிப்பிட்டால், கீழே வரும் ரிவ்யூ வரியோடு அது தானாக ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவையும் சேர்த்து, வாங்கியவருக்கான அட்டை இப்படி வரும்:

"வணக்கம் ________. உங்கள் பெட்டியில் இருக்கும் முறுக்கும் அதிரசமும் நவம்பர் __ அன்று சுட்டவை. விளக்குகளை ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து ஏற்றுங்கள், எண்ணெய் அதிகம் குடிக்காது. தீபாவளிப் பலகாரத்தை எங்களிடம் வாங்கியதற்கு மனமார்ந்த நன்றி.

ஏதாவது உடைந்தோ நமத்தோ வந்திருந்தால் ________ எண்ணுக்கு ஒரு படம் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்.

தீபாவளி வேலையெல்லாம் ஓய்ந்து நேரம் கிடைத்தால், பலகாரம் எப்படி இருந்தது என்று ஆர்டர் பக்கத்தில் இரண்டு வரி எழுதலாம். நல்லதோ குறையோ, அடுத்து வாங்க நினைப்பவருக்கு அது உதவும்.

உங்கள் வீட்டார் எல்லாருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள். அன்புடன், ________"

ரிவ்யூ வரி கடைசியில் இல்லை என்பது தற்செயல் அல்ல. ஒரு கடிதத்தில் கடைசியாகப் படித்தது மனத்தில் தங்கும். அது வாழ்த்தாக இருக்கட்டும். "ஸ்டார்" என்ற சொல்லும் எங்கும் இல்லை. எத்தனை ஸ்டார் என்பது அவர் விஷயம். நட்சத்திரப் படம்கூடப் போடாதீர்கள், ஐந்து நட்சத்திரத்தை மஞ்சளில் வரைந்தாலே ஐந்து கேட்டதாகத்தான் அர்த்தம்.

கியூஆர் குறியீடு பற்றி உங்களுக்குக் கேள்வி வரும். இங்கே சற்றுக் கவனம் தேவை. 2023-ல் சிங்கப்பூரில், பபிள் டீ கடை ஒன்றின் கதவில் ஒட்டியிருந்த கியூஆரை ஸ்கேன் செய்த 60 வயது மாது ஒருவர் 20,000 வெள்ளி இழந்தார். சர்வே நிரப்பினால் ஒரு கோப்பை டீ இலவசம் என்று அதில் போட்டிருந்தது. ஸ்கேன் செய்ததும் ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொன்னது, அதன் வழியே மோசடிக்காரர்கள் கைப்பேசிக்குள் வந்துவிட்டார்கள். "கருத்துச் சொன்னால் இலவசம்" என்று ஒரு கியூஆரோடு வருகிற அட்டை, இந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு அதே ஏமாற்றாகத்தான் தெரியும். அவர்கள் பயப்படுவது நியாயம்.

தளத்தில் வாங்கியவருக்குக் கியூஆர் தேவையே இல்லை. அவர் கைப்பேசியில் ஆர்டர் பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கூகல் பக்கத்துக்கு மட்டும்தான் அது பயன்படும். உங்கள் வணிகக் கணக்கில் ரிவ்யூ கேட்பதற்கென்றே ஓர் இணைப்பு கிடைக்கும், அது `g.page/r/` என்று தொடங்கும். அதையே நேரடியாகக் குறியீடாக்குங்கள். இலவசம் என்று சொல்லி, தன் சொந்த இணைப்பு வழியாகச் சுற்றிவிடும் கியூஆர் சேவைகளை நம்பாதீர்கள். சில வாரம் கழித்துச் சந்தா கேட்டு இணைப்பை நிறுத்திவிட்டால், 150 வீட்டில் இருக்கும் அட்டைகள் செத்த குறியீட்டோடு கிடக்கும். அச்சில் குறியீட்டின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு செண்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு வையுங்கள். அதன் கீழே எழுத்தில், "கூகலில் ________ என்று கடைப் பெயரைத் தேடினாலும் வரும்" என்று போடுங்கள். ஸ்கேன் செய்யத் தயங்குகிறவர் தேடிப் போவார், கியூஆர் எங்கே போகிறது என்பதும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அச்சு வேலையில் தமிழுக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. சன்ஷைன் பிளாசாவிலோ பிராஸ் பாசாவிலோ கொடுக்கிறீர்கள் என்றால், அங்கே வடிவமைக்கிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாசகத்தை அவர் தன் மென்பொருளில் ஒட்டும்போது, இந்திய எழுத்துகளுக்கான அமைப்பு அதில் இயங்காமல் இருந்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்துவிடும். "பெட்டி" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "கொண்டாட்டம்" மூன்று துண்டாகும், சில இடங்களில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். அவர் கண்ணுக்கு அது சரியாகவே தெரியும். நன்றி சொல்லும் அட்டையில் "நன்றி"யே உடைந்து வந்தால் எப்படி இருக்கும்? அதனால் வாசகத்தை எழுத்தாக அனுப்பாமல், நீங்களே பக்கமாக அமைத்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். மாதிரித் தாள் ஒன்றைக் கையில் வாங்கி, கொம்பு வரும் சொற்களை மட்டும் விரல் வைத்துப் படியுங்கள். அது சரியாக இருந்தால் மீதியும் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதே தாளில் இரண்டு வெவ்வேறு கைப்பேசியால் கியூஆரையும் பார்த்துவிடுங்கள்.

தாள், பளபளப்பு இல்லாத கெட்டித் தாளாக இருக்கட்டும். பளபளப்பில் பேனா மை காயாமல் இழுபடும். ஏ6 அளவு போதும், ஒரு ஏ4 தாளில் நான்கு வரும். உங்கள் 150 பெட்டிக்கு, சிதைவதற்கும் எண்ணிக்கை கூடக்குறைய ஆவதற்கும் சேர்த்து வாங்கியவர் அட்டை 100, அன்பளிப்பு அட்டை 60 என்று வைத்தால் மொத்தம் 160, நாற்பது ஏ4 தாளில் முடிந்துவிடும். பெயரையும் தேதியையும் கையெழுத்தையும் பேனாவால் போட ஓர் அட்டைக்கு அரை நிமிடம் என்று வைத்தால் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆகும். கையெழுத்து மாதிரி இருக்கும் எழுத்துருவை அச்சடித்து அந்த நேரத்தை மிச்சப்படுத்த வேண்டாம். ஒரே வீட்டுக்கு இரண்டு பெட்டி போனால் இரண்டு கையெழுத்தும் அச்சு மாறாமல் ஒன்றாக இருப்பது தெரிந்துவிடும்.

பின்பக்கம் ஆங்கிலம். வாங்குகிறவர்களில் தமிழ் பேசுவார்கள், படிக்கத் திணறுவார்கள் என்ற இளையவர்கள் நிறைய. அன்பளிப்புப் பெட்டிகள் சீன, மலாய் நண்பர்கள் வீட்டுக்கும் போகும். தமிழ் வாசகத்தை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், ஆங்கிலத்தில் அவர்களிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படி எழுதுங்கள். அவர்களுக்கு அதிரசம் என்றால் என்ன, எதில் செய்தது, எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம் என்ற விவரம்தான் ரிவ்யூ வரியைவிட முக்கியம்.

பெட்டிக்குள் அட்டையை வைக்கும் இடமும் உண்டு. அதிரசத்தை எவ்வளவு பிழிந்து எடுத்தாலும் எண்ணெய் கசியும், முறுக்கு டப்பா மூடியின் ஓரத்திலும் பிசுக்கு இருக்கும். அவற்றோடு உரசினால் ஒரே இரவில் அட்டையில் கறை படர்ந்து, பேனாவால் எழுதிய பெயர்தான் முதலில் கரையும். டப்பாக்களின் மேல் ஒரு வெண்ணெய்த் தாளை விரித்து, அதன் மேல் அட்டையை வைத்துப் பெட்டியை மூடுங்கள். திறந்ததும் கண்ணில் படும், பலகாரத்தையும் தொடாது.

பெட்டி போன பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். இதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. திங்கட்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் "ரிவ்யூ எழுதிட்டீங்களா?" என்று கேட்கக் கை பரபரக்கும். அந்த எண்ணை அவர் கொடுத்தது பெட்டி வந்து சேர்வதற்காக. அதற்கு வேறு விளம்பரச் செய்தி அனுப்ப வேண்டுமானால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவர் சம்மதம் வேண்டும். தவிர, "நேரம் கிடைத்தால்" என்று அட்டையில் எழுதிவிட்டு இரண்டாம் நாளே கேட்டால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இல்லை. யாராவது தாமாகவே வாட்ஸ்அப்பில் "முறுக்கு சூப்பர் அக்கா" என்று அனுப்பினால் அதற்குப் பதில் நன்றி மட்டும்தான். "இதையே கூகலில் போடுங்களேன்" என்று திருப்பிக் கேட்காதீர்கள். அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் பக்கத்தில் போட வேண்டுமானால் முதலில் அவரிடம் கேளுங்கள், பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

குறையாக ஒன்று வந்தால், நான் செய்வது இது. போன வருஷம் ஒருவர், "ருசி நன்று, ஆனால் முறுக்கில் பாதி தூளாக வந்தது" என்று மூன்று ஸ்டார் போட்டிருந்தார். அவர் அட்டையில் இருந்த எண்ணுக்குச் சொல்லவில்லை, நேராக எழுதிவிட்டார். அது அவர் உரிமை. அதன் கீழே, டப்பாவின் அடியில் இடைவெளி விட்டது எங்கள் தவறு, மாற்றுப் பெட்டி அனுப்புகிறோம் என்று எழுதினேன், அனுப்பினேன். ரிவ்யூவை மாற்றச் சொல்லவில்லை, அது இன்னும் அப்படியே இருக்கிறது. இந்த வருஷம் டப்பாவின் அடியிலும் மேலேயும் தாள் சுருட்டி வைத்து, மூடிய டப்பாவைக் காதருகே குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் வைக்கிறேன். சத்தம் கேட்டால் திரும்பவும் திறந்து அடுக்குகிறேன்.